காய்ச்சல் இறங்கும் நாள்

நெய்வேலியில் பாதி வீடுகளின் கடிகாரம் ஷிப்டை ஒட்டியே ஓடுகிறது. வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கத் தொடங்கினால் வீட்டில் இருப்பவருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, விடியட்டும் என்று இருக்கலாமா? என்.எல்.சி.யின் நிரந்தரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு டவுன்ஷிப்புக்குள்ளேயே பொது மருத்துவமனை இருக்கிறது. மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் இதே கேள்விக்கு ஆட்டோக் கூலியும் மறுநாள் சம்பளமும் சேர்ந்துகொள்கின்றன. கேள்வியின் கனம் வீட்டுக்கு வீடு மாறலாம். விடை தேட வேண்டிய இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த இடம் தர்மாமீட்டர் அல்ல என்பதிலிருந்து தொடங்கலாம்.

நம் ஊரில் காய்ச்சலை முதலில் அளப்பது கைதான். நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, "உள்காய்ச்சல் அடிக்குது" என்று பாட்டி சொல்லிவிடுவார். காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்வதில் கை பெரும்பாலும் தவறுவதில்லை. எவ்வளவு என்று சொல்வதில்தான் தவறும். அதனால் ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டர் வீட்டில் இருப்பது நல்லது. அக்குளை வேர்வை போகத் துடைத்து, முனையை நடுக் குழியில் வைத்து, கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, 'பீப்' சத்தம் வரும்வரை வைத்திருக்க வேண்டும். குளிப்பாட்டிய உடனோ, கம்பளியிலிருந்து எடுத்த உடனோ பார்த்தால் எண் ஏமாற்றும். உடலின் உள்வெப்பத்தைவிட அக்குள் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைத்துத்தான் காட்டும். ஆகவே அக்குளில் 99.5-ஐத் தாண்டினாலே காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் கூட்டிக் கழிக்காமல் "அக்குளில் 102" என்று பார்த்ததை அப்படியே சொன்னால் போதும்.

அந்த எண் எதைச் சொல்கிறது? காய்ச்சல் இருக்கிறது என்று சொல்கிறது. நோய் எவ்வளவு மோசம் என்று சொல்வதில்லை. சாதாரண வைரஸ் சளி 104 வரை ஏற்றிவிட்டு மூன்றாம் நாள் தடயமில்லாமல் போய்விடும். கடுமையான தொற்று 101-லேயே குழந்தையைச் சாய்த்துவிடும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வெப்பத்தின் உயரத்தை மட்டும் வைத்து ஆபத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு தன் வழிகாட்டலில் சொல்கிறது. அதே வழிகாட்டல் இன்னொன்றையும் சொல்கிறது: பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கினால் சாதாரணம், இறங்காவிட்டால் ஆபத்து என்ற கணக்கும் தவறு. மருந்துக்குக் காய்ச்சல் இறங்குவது மருந்தின் குணம். அது நோயின் பெயரைச் சொல்லாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் மூன்று மாதம் நிரம்பாத தம்பியோ தங்கையோ இருந்து, அந்தக் குழந்தைக்கு 100.4 வந்துவிட்டால் யோசிக்க ஒன்றுமே இல்லை. எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் எண் ஒன்றே போதும். நாம் பேசும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு எண்ணை ஒரு பக்கம் குறித்து வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்க வேண்டும்.

எப்போது பார்ப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தக் குழந்தையும் பார்க்கச் சகிக்காது. கை கால் சில்லிட்டு, உதடு வெளுத்து, நடுங்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும். வெப்பத்தை உள்ளே தேக்க உடல் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வருவது இது. பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, நடுக்கம் நின்று வேர்வை பூக்கும்போது பாருங்கள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, பொம்மையைக் கேட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, நான்கு மடக்கு குடித்தால் இரவை வீட்டிலேயே கழிக்கலாம். காய்ச்சல் தணிந்த பிறகும் துணிபோலக் கிடந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், எழுப்ப எழுப்பத் தூங்கிப்போனால், அல்லது என்ன செய்தும் அடங்காத கீச்சிட்ட அழுகை அழுதால், விடியும்வரை இருக்கக் கூடாது.

அடுத்தது மூச்சு. இது வீட்டிலேயே எண்ணக் கூடியது, ஆனால் பெரும்பாலும் யாரும் எண்ணாதது. குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையை மேலே தூக்கி வயிறு ஏறி இறங்குவதைச் செல்பேசிக் கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தவறு வரும். குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் இந்த எல்லையைத்தான் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் காய்ச்சல் தணிந்ததும் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் 40-க்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது, உள்ளே போவதும் வெளியே வருவதும். சாப்பிட மாட்டேன் என்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சலில் இரண்டு நாள் சோறு இறங்காத குழந்தை, சரியானதும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். குடிக்க மறுப்பதும், கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுப்பதும் வேறு கணக்கு. சிறுநீர்தான் நம்பகமான அளவுகோல். ஆறு எட்டு மணி நேரம் ஒரு சொட்டும் போகவில்லை என்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். டயப்பர் கட்டியிருந்தால் இது தெரியாமலே போய்விடும். இன்றைய டயப்பர் ஈரத்தைக் குடித்துவிட்டுக் காய்ந்ததுபோல் இருக்கும். காய்ச்சல் நாட்களில் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுவது அழுக்குத் துணியைக் கூட்டினாலும், எத்தனை முறை போனது என்பதை ஐயமில்லாமல் சொல்லிவிடும்.

தோலைப் பார்ப்பது நான்காவது. குழந்தையின் விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் வெளுத்த இடத்தில் இரண்டு வினாடிக்குள் இரத்தச் சிவப்பு திரும்ப வேண்டும். மூன்றுக்கு மேல் எடுத்து, கை காலும் சில்லிட்டு இருந்தால் இரத்த ஓட்டம் தளர்கிறது. நடுக்கம் இல்லாத நேரத்தில் பார்த்தால்தான் இது செல்லும். உடம்பில் சிவந்த புள்ளிகள் வந்திருந்தால் கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறைந்தால் பெரும்பாலும் வைரஸ் தடிப்பு. கண்ணாடிக்குள் தெரிந்துகொண்டே இருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. உடனே காட்ட வேண்டும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் புள்ளிகள் எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பகல் வெளிச்சத்தில் தேட வேண்டும்.

இவற்றோடு வலிப்பு, கழுத்து விறைப்பு, ஒரு கையையோ காலையோ அசைக்க மறுப்பது ஆகியவையும் இரவைப் பார்க்காத அடையாளங்கள். இவை எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் என்றால் அவசரமில்லை, ஆனால் கணக்கு உண்டு. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் கட்டாயம் காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டாம் நாளே காட்டிவிடுவது நல்லது. 104-ஐத் தொட்டாலும், சிறுநீர் போகும்போது அழுதாலும், காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அன்றைக்குள் காட்டலாம். 'பல் முளைக்கிற காய்ச்சல்' என்று தள்ளிப்போடுவது பழைய வழக்கம். பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், உடம்பு லேசாகச் சுடலாம், 102 அடிக்காது. தடுப்பூசி போட்ட நாளும் மறுநாளும் வரும் காய்ச்சல் எதிர்பார்த்ததுதான். தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும்.

இனி மருந்து. குழந்தைக் காய்ச்சலில் வீட்டில் நடக்கும் பெரிய பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. பாராசிட்டமாலின் அளவை வயது சொல்லாது, எடை சொல்லும்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். நான்கு மணி நேரத்துக்கு முன்னால் அடுத்த வேளை கூடாது. ஆறு மணி நேர இடைவெளி நல்லது. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. இதுவரை எளிது. ஆனால் மெயின் பஜார் மருந்துக் கடையில் ஒரே மருந்து மூன்று அடர்த்தியில் விற்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். 'டி.எஸ்.', '250' என்றெல்லாம் பெயரில் ஒட்டியிருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மில்லிக்கே 100. ஆக, அதே பத்து கிலோ குழந்தைக்கு முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, டிராப்ஸில் ஒன்றரை மில்லி. போன மாதம் 6 மில்லி கொடுத்த ஞாபகத்தில் இந்த மாதம் டிராப்ஸ் பாட்டிலிலிருந்து 6 மில்லி ஊற்றினால் நான்கு வேளை மருந்து ஒரே விழுங்கலில் போய்விடும். அதை ஆறு மணிக்கொரு தடவை இரண்டு நாள் செய்தால் கல்லீரல் கெடும். பாட்டிலின் பெயரைப் படிப்பதைவிட அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அடர்த்தியைப் படிப்பது முக்கியம். சமையலறை ஸ்பூனால் அளக்காமல் மூடியோடு வரும் அளவுக் குப்பியையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு பிழை, சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரே சிரப்பைக் கேட்டு வாங்குவது. அந்தக் கலவைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும். தனியாகவும் கொடுத்தால் இரட்டிப்பாகும். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி காய்ச்சலுக்கு 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதைத் தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து நிறுவனம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் 'டை எத்திலீன் கிளைக்கால்' என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. கலப்படத்தைத் தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்? முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வகை சிரப்பே தேவைப்படாத வயதினர். எந்த மருந்து குடித்த குழந்தையானாலும், சிறுநீர் போவது நின்றுவிட்டால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

நிமெசுலைடு 2011-இலேயே பன்னிரண்டு வயதுக்குக் கீழே தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் கொட்டிவிடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகாது. ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் இரண்டும் காய்ச்சலை வேகமாக இறக்கும் என்பதால் பலருக்குப் பிரியமானவை. டெங்கு உலவும் மாவட்டத்தில் அவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்தைக் கூட்டுவன அவை.

மருந்து கொடுப்பதே எண்ணைக் கீழே கொண்டுவர அல்ல. குழந்தைக்கு உடம்பு வலிக்கிறது, சிணுங்குகிறது, குடிக்க மாட்டேன் என்கிறது. அந்த அசௌகரியம் தணியத்தான் பாராசிட்டமால். 101 அடித்தும் தரையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் குழந்தையை நிறுத்தி மருந்து ஊற்ற வேண்டியதில்லை; தூங்கும் குழந்தையை எழுப்பி ஊற்றவும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, செய்யக் கூடாததுதான் அதிகம். காய்ச்சல் என்றதும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, குல்லாயும் சாக்ஸும் மாட்டி, கம்பளியால் சுற்றுவது நம் வழக்கம். சித்திரை, வைகாசியில் நெய்வேலி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அப்படிச் சுற்றிவைத்தால் உடல் வெப்பம் வெளியேற வழியே இருக்காது. நடுங்கும்போது மட்டும் ஒரு மெல்லிய போர்வை. நடுக்கம் நின்றதும் ஒற்றைப் பருத்திச் சட்டை, மிதமாகச் சுழலும் ஃபேன். நெற்றியில் ஈரத்துணி போடுவதால் தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை. உடம்பு துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில், மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து, குழந்தை சம்மதித்தால் மட்டும். ஐஸ் தண்ணீர் தோலைச் சுருக்கி நடுக்கத்தைக் கிளப்பி, உள்ளே வெப்பத்தைக் கூட்டிவிடும். ஸ்பிரிட்டோ யூடிகோலோனோ கலந்து துடைத்தால் தோல் வழியே உள்ளே இறங்கும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. கற்பூரம் வலிப்பைத் தூண்டக் கூடியது.

நொய்க் கஞ்சி, ரசம் சோறு, இட்லி, இளநீர், மோர் என்று குழந்தை கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் வேறு எதுவும் இறங்காதபோதும் தாய்ப்பால் இறங்கும். பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். தம்ளரில் கொடுத்தால் மடமடவென்று குடித்து வாந்தி எடுக்கும் குழந்தை, ஸ்பூனில் கொடுத்தால் தக்கவைத்துக்கொள்ளும்.

வலிப்பைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் தீராது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு ஒரு தடவையாவது வலிப்பு வருகிறது. கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் உதறும்போது பெற்றவளுக்குக் குழந்தை போய்விட்டது என்றே தோன்றும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். மூளைக்குச் சேதம் செய்யாது. செய்ய வேண்டியது: தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒழுகுவதைத் துடைத்து, கடிகாரத்தைப் பார்ப்பது. கையில் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது மூன்றும் வேண்டாம். சாவி கொடுத்ததால் நின்றதுபோலத் தோன்றுவது அது எப்படியும் நிற்கும் நேரம் என்பதால்தான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும், முதல் வலிப்பு என்றால் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்; ஒன்றரை வயதுக்குக் கீழே மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைப்பு தெரியாமலே இருக்கலாம். பாராசிட்டமாலை மணிக்கணக்காகக் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரமில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். காய்ச்சல் ஏறினால் பயம், இறங்கினால் நிம்மதி என்பதுதான் நம் எல்லோருடைய கணக்கு. டெங்கு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். 2017-இல் தமிழ்நாட்டில் பதிவானவை மட்டும் 23,000-க்கு மேற்பட்ட டெங்கு நோயாளிகள். அந்த ஆண்டுக்குப் பிறகு பிளேட்லெட் என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் எந்த நாளில் பயப்பட வேண்டும் என்பது வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், தோட்டமும் தென்னையும் உள்ள ஒரு வட்டத்து வீட்டில், பத்து கிலோ எடையுள்ள இருபது மாதக் குழந்தைக்கு டெங்கு எப்படிப் போகும் என்று நாள் நாளாகப் பார்ப்போம். இது யார் வீட்டுக் கதையும் அல்ல. டெங்கு வழக்கமாகப் போகும் வழி.

திங்கள் மாலை திடீரென்று 103. சளி இல்லை, இருமல் இல்லை, முகம் சிவந்திருக்கிறது. பாராசிட்டமால் 150 மில்லிகிராம் கொடுத்து ஒரு மணி நேரத்தில் 101 ஆகிறது, குழந்தை எழுந்து விளையாடுகிறது. செவ்வாயும் அப்படியே: ஏறுகிறது, இறங்குகிறது, இளநீரும் கஞ்சியும் குடிக்கிறது. இந்த இரண்டு நாளும் வீட்டில் வைத்துப் பார்த்ததில் பெரிய தவறில்லை, மழைக்காலம் என்பதால் செவ்வாயே காட்டியிருந்தால் இன்னும் நல்லது. புதன் காலை மூன்றாம் நாள் என்பதால் மருத்துவரிடம் போகிறார்கள். என்.எஸ்.1 சோதனை பாசிட்டிவ். பிளேட்லெட் 1,20,000. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. 34. குழந்தை குடிக்கிறது, சிறுநீர் போகிறது என்பதால் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பி, தினமும் இரத்தம் பார்க்க வரச் சொல்கிறார். இந்தத் தாளில் பத்திரப்படுத்த வேண்டிய எண் 34. பெரும்பாலோர் 1,20,000-ஐத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

வியாழன் பகலில் காய்ச்சல் இறங்கத் தொடங்குகிறது, இரவு 99. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தாற்போல் இருக்கிறது, மறுநாள் சோதனைக்குப் போக வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றும். வெள்ளி காலை உடம்பு சில்லென்றிருக்கிறது. குழந்தை எழவில்லை. ஒரு மடக்கு கஞ்சி கொடுத்தால் வாந்தி, மறுபடி வாந்தி, மூன்றாவது தடவையும். வயிற்றைத் தொட்டால் அழுகிறது. இடுப்புத் துணி விடியற்காலையிலிருந்து ஈரமாகவில்லை. பாதம் ஃபேன் காற்றால் வந்த குளிர்ச்சியைவிடக் கூடுதலாகச் சில்லிட்டிருக்கிறது. விரல் நுனியை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப நான்கு வினாடி ஆகிறது. தர்மாமீட்டர் 97.8 என்று காட்டுகிறது.

நடப்பது இதுதான். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் டெங்குவில் இரத்த நாளங்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் வெளியேறுகிறது. மிஞ்சும் இரத்தம் கெட்டிப்படுகிறது. மருத்துவமனையில் எடுத்த பி.சி.வி. 42. முன்பிருந்த 34-ஐவிட இருபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. கசிவுக்கு அதுவே அத்தாட்சி. பிளேட்லெட் 60,000. உறவினர்கள் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி நிற்பார்கள், ஒருவர் பப்பாளி இலைச் சாறோடு வருவார். மருத்துவர் ஏற்றுவது டிரிப். அதையும் மணிக்கு மணி சிறுநீரையும் நாடியையும் பி.சி.வி.யையும் பார்த்துக் கூட்டிக் குறைத்து. கூடிப்போனால் கசிந்த நீர் நுரையீரலை அடைக்கும் என்பதால் தாராளமாக ஏற்றவும் முடியாது. ஒன்றிரண்டு நாளில் கசிவு தானே நிற்கிறது, பி.சி.வி. இறங்குகிறது, குழந்தை பசிக்கிறது என்று அழுகிறது. பிளேட்லெட் அதன் பிறகு மெதுவாகத் தானே ஏறும். இரத்தம் ஒழுகாத குழந்தைக்குப் பிளேட்லெட் ஏற்றுவதால் பலனில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வருவதும் மதியம் வருவதும் ஒன்றல்ல. சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்துவிடக் கூடும். நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் என் பதில் இந்த மணிக்கணக்குதான். அது கசிவை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் இழக்கும் நேரமே அதில் உள்ள ஆபத்து.

டெங்குவோடு நம் வட்டாரத்தில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கும் ஒரு வகைச் சிறுபூச்சியின் கடியால் வருவது. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் குழந்தைகளிடம் மழைக்காலம் தொடங்கி மார்கழி, தை வரை இது தொடர்ந்து காணப்படுகிறது. சாதாரண ஆன்டிபயாடிக் சிரப்புகளுக்கு அடங்காமல் ஐந்து, ஆறு நாள் காய்ச்சல் நீளும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த வலியில்லாத புண் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள் என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் இருக்கும். குளிப்பாட்டும்போது இந்த இடங்களை ஒரு தடவை பார்த்து, கண்டதை மருத்துவரிடம் காட்டினால் டாக்ஸிசைக்ளினோ அஸித்ரோமைசினோ கொடுப்பார். இரண்டு நாளில் காய்ச்சல் விடும். தெரியாமல் போனால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவும்.

கிளம்ப முடிவு செய்துவிட்டால் கையில் எடுக்க வேண்டியவை சில. கொடுத்த எல்லா மருந்து பாட்டில்களும், பழைய இரத்தச் சோதனைத் தாள், தடுப்பூசி அட்டை. காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் அளவும், கடைசியாகச் சிறுநீர் போன நேரமும் ஒரு காகிதத்தில் எழுதி இருந்தால் இரவுப் பணி மருத்துவர் பாதிக் கேள்விகளைக் கேட்க வேண்டியிராது. வலிப்போ மூச்சுத் திணறலோ செல்பேசியில் அரை நிமிடம் பதிவாகியிருந்தால் அதையும் காட்டலாம். நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மூச்சுத் திணறலோ நிற்காத வலிப்போ சில்லிட்ட கை காலோ உள்ள குழந்தையை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகிறோம் என்று காரில் ஏற்றிவிட வேண்டாம். பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் ஆக்ஸிஜனும் டிரிப்பும் தொடங்கி, அங்கிருந்து 108-இல் அனுப்பச் சொல்லுங்கள். பேச்சு மூச்சோடு இருக்கும் குழந்தை என்றால் வழி நெடுக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.